பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னா கிளாஸ் டீச்சருக்கு எழுதற லீவ் லெட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு தொடக்கப் பள்ளில கிளாஸ் டீச்சர். லீவ் லெட்டரை எழுதற பக்கம் இல்ல, வாங்கற பக்கம். பேரண்ட்ஸ் மீட்டிங்லயும் கேட்லயும் போன்லயும் திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகளை இங்க சேர்த்து வச்சிருக்கேன். ஒவ்வொரு ஸ்கூலுக்கும் ஒரு வழக்கம் உண்டு, உங்க ஸ்கூல் டைரில வேற மாதிரி போட்டிருந்தா அதையே பண்ணுங்க.

மேம், லெட்டர்ல கண்டிப்பா என்னென்ன இருக்கணும்?

அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு எல்லாம் ஸ்கூல்ல நாமளே படிச்சதுதான், அதுல யாரும் பெருசா தப்பு பண்றதில்ல. விட்டுப்போறது வேற விஷயங்கள். முதல்ல தேதி. "இரண்டு நாட்கள் விடுப்பு" னு மட்டும் இருக்கும், எந்த ரெண்டு நாள்னு இருக்காது. மாசக் கடைசில அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரைக் கூட்டும்போது லெட்டர் ஃபைலை எடுத்து வச்சுட்டு எந்த லெட்டர் எந்த ஆப்சென்ட்டுக்குன்னு பொருத்திப் பாக்கணும், அப்ப இந்த மாதிரி லெட்டரால ஒரு பிரயோஜனமும் இல்ல. எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரைக்கும், நடுவுல சனி ஞாயிறு வந்தா அதைக் கழிச்சு பள்ளி நாள் எத்தனைன்னு எழுதிடுங்க.

அடுத்தது காரணம். "உடல்நிலை சரியில்லாத காரணத்தால்" னு எழுதினா அது தலைவலியாவும் இருக்கலாம், மஞ்சள் காமாலையாவும் இருக்கலாம். காய்ச்சலா, வாந்தி பேதியா, மெட்ராஸ் ஐயா, அம்மையா, ஒரு வார்த்தைல சொல்லிடுங்க. நோய் பேர் தெரிஞ்சாதான் பக்கத்துல உக்காந்த பிள்ளைங்களைக் கவனிக்கணுமா வேணாமான்னு எங்களுக்குத் தெரியும். அப்புறம் பிள்ளை பேரு, வகுப்பு, பிரிவு. இதை ஏன் சொல்றேன்னா, எங்க கிளாஸ்ல ஒரே பேர்ல மூணு பேர் இருக்காங்க, இனிஷியல் இல்லாம லெட்டர் வருது!

ரெண்டு நாள் காய்ச்சல்தான். அதுக்கு ஒரு மாதிரி லெட்டர் போடுங்களேன்

இவ்வளவு போதும்:

> அனுப்புநர்
> (உங்கள் பெயர்),
> (மாணவர் பெயர், இனிஷியலுடன்) அவர்களின் தாய்,
> (ஊர்).
>
> பெறுநர்
> வகுப்பாசிரியர் அவர்கள்,
> 4-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு,
> (பள்ளியின் பெயர்).
>
> மதிப்பிற்குரிய அம்மா,
>
> பொருள்: காய்ச்சல் காரணமாக 2 நாட்கள் விடுப்பு – தொடர்பாக.
>
> வணக்கம். என் மகனுக்கு 19-01-2026 இரவு முதல் காய்ச்சலும் இருமலும் இருந்ததால் 20-01-2026 செவ்வாய், 21-01-2026 புதன் ஆகிய இரு நாட்களும் அவனால் பள்ளிக்கு வர இயலவில்லை. மருத்துவரிடம் காட்டினோம். 20-ஆம் தேதி இரவுக்குப் பின் காய்ச்சல் இல்லை. இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விடுபட்ட பாடங்களை நோட்டில் எழுதி முடிக்கச் செய்கிறேன்.
>
> நன்றி.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம்)
>
> இடம்:
> தேதி: 22-01-2026

இதுல "20-ஆம் தேதி இரவுக்குப் பின் காய்ச்சல் இல்லை" ன்னு ஒரு வரி இருக்கு பாருங்க, அதை யாருமே எழுதறதில்ல, எனக்குப் பிடிச்ச வரியே அதுதான். மாத்திரை குடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராம இருந்தா அனுப்பலாம்ங்கறதுதான் பொதுவான கணக்கு. காலைல ஏழரைக்கு பாராசிட்டமால் சிரப் குடுத்து ஏத்தி விட்டுடறாங்க, பதினோரு பன்னெண்டு மணிக்கு மருந்து வேகம் இறங்குது, பிள்ளை டெஸ்க்ல தலையை வச்சு படுத்துடுது, தொட்டா அனலா கொதிக்குது. அப்புறம் நான் போன் பண்ணி நீங்க ஆபீஸ்ல பர்மிஷன் போட்டு ஓடி வரணும். வாந்தி பேதியா இருந்தா கடைசியா போனதுல இருந்து ரெண்டு நாள் தள்ளி அனுப்பினா நல்லது.

டைரிலயே லீவ் பக்கம் இருக்கே, தனியா பேப்பர்ல எழுதணுமா?

ஒரு நாள் ரெண்டு நாளுக்கு டைரி போதும், அந்தக் கட்டத்துல தேதி, காரணம், கையெழுத்து, அவ்ளோதான். அதுக்கு மேல போனாலோ, தொத்து வியாதின்னாலோ, பரீட்சை விட்டுப்போச்சுன்னாலோ தனிப் பேப்பர்ல எழுதுங்க, ஏன்னா டைரி உங்க வீட்டுக்குத் திரும்பப் போயிடும், பேப்பர்தான் எங்க ஃபைல்ல நிக்கும். கிழிச்ச ரஃப் நோட் பேப்பரா இருந்தாலும் எனக்கு ஓகே, சில ஸ்கூல்ல ஒத்துக்க மாட்டாங்க.

காலைலயே வாட்ஸ்அப்ல சொல்லிட்டேனே, அப்புறமும் லெட்டர் எதுக்கு?

ரெண்டும் வேற வேற வேலைக்கு. மெசேஜ் அன்னைக்கு காலைலக்கு. ஃபர்ஸ்ட் பீரியட்ல அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பிள்ளை வீட்லதான் இருக்கான்னு எனக்குத் தெரியணும், வேன் ஏறி வந்துட்டு கிளாசுக்கு வராம போனா அது வேற பிரச்சினை இல்லையா. லெட்டர் ரெக்கார்டுக்கு, என் போன் மாறினாலும் நானே மாறினாலும் அது ஃபைல்ல இருக்கும்.

மெசேஜை கிளாஸ் குரூப்ல போடாதீங்க, டீச்சருக்குத் தனியா அனுப்புங்க. குரூப்ல ஒருத்தர் "பையனுக்கு லூஸ் மோஷன்" னு போட்டா நாப்பது வீட்ல படிக்கறாங்க, மறுநாள் கிளாஸ்ல அவனுக்கு அதான் பேரு. "வணக்கம் மேம், 4 ஆ, (பேரு), நேத்து நைட்ல இருந்து 102 காய்ச்சல், இன்னைக்கு வர மாட்டான், டாக்டர்ட்ட காட்டிட்டு சொல்றேன்", இப்படி ஒரு வரி போதும், குட் மார்னிங் பூ படம் வேணாம்.

பொண்ணுக்கு அம்மை போட்டிருக்கு மேம். எங்க வீட்ல டாக்டர்கிட்ட போற பழக்கம் இல்ல, சர்டிபிகேட் எதுவும் கிடையாது. லெட்டர்ல என்னன்னு எழுதறது?

இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா மாசி பங்குனில வெயில் ஏற ஏற இந்த லெட்டர்தான் அதிகமா வரும், முழு ஆண்டுத் தேர்வும் அப்பதான் நெருங்கும்.

முதல் விஷயம், எந்த அம்மைன்னு எழுதணும். வீட்ல எல்லாத்தையும் "அம்மா வந்திருக்கா" ன்னுதான் சொல்லுவாங்க. நீர்க் கொப்புளமா வந்தா சின்னம்மை. காய்ச்சல், இருமல், கண் சிவப்போட ஆரம்பிச்சு, மூணு நாலு நாள் கழிச்சு முகத்துல இருந்து கீழ வரைக்கும் சிவப்புத் தடிப்பா பரவினா தட்டம்மை. காதுக்குக் கீழ தாடை வீங்கினா பொன்னுக்கு வீங்கி, அதை புட்டாலம்மைன்னும் சில ஊர்ல சொல்லுவாங்க. மூணுக்கும் வீட்ல இருக்க வேண்டிய நாள் வேற. தட்டம்மைக்கு தடிப்பு வந்ததுல இருந்து நாலு நாள், பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் ஆரம்பிச்சதுல இருந்து அஞ்சு நாள், சின்னம்மைக்கு நாள் கணக்கே கிடையாது, எல்லாக் கொப்புளமும் காஞ்சு பொருக்கு தட்டற வரைக்கும். வெறும் "அம்மை" ன்னு லெட்டர் வந்தா எனக்கு ஒண்ணும் புரியாது.

ரெண்டாவது, கொப்புளம் முதல்ல கண்ணுல பட்டது எந்தத் தேதின்னு எழுதணும். சின்னம்மை கொப்புளம் வர்றதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே மத்தவங்களுக்குத் தொத்த ஆரம்பிச்சுடும், அதாவது பிள்ளை நல்லா ஓடியாடி கிளாஸ்ல இருக்கும்போதே. ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். 2026 பிப்ரவரி 9 திங்கக்கிழமை சாயங்காலம் குளிக்க வைக்கும்போது முதுகுல நாலு கொப்புளம் பாத்தீங்கன்னு வைங்க. 7, 8 சனி ஞாயிறு, ஸ்கூல் இல்ல. அப்ப கிளாஸ் பிள்ளைங்க அவகூட இருந்தது 9-ஆம் தேதி திங்கக்கிழமை மட்டும்தான். ஒட்டினதுக்கு அப்புறம் கொப்புளம் வெளிய தெரிய 10 நாள்ல இருந்து 21 நாள் வரை ஆகும். அப்படின்னா கிளாஸ்ல வேற யாருக்காவது வர்றதா இருந்தா பிப்ரவரி 19-ல இருந்து மார்ச் 2-க்குள்ள வரும். உங்க பொண்ணு குணமாகி கிளாசுக்குத் திரும்பறதும் ஏறக்குறைய அந்த 19-ஆம் தேதி வாக்குலதான். உடனே மத்த அம்மாங்க என்ன சொல்லுவாங்க, "அந்தப் பொண்ணு சரியாகறதுக்குள்ள வந்துடுச்சு, அதான் எங்க பையனுக்கும் ஒட்டிடுச்சு" ன்னு. அது கிடையாது, ஒட்டினது 9-ஆம் தேதி. உங்க லெட்டர்ல அந்தத் தேதி இருந்தா நான் அவங்ககிட்ட எடுத்துச் சொல்ல முடியும், இல்லன்னா என்னாலயும் வாய் திறக்க முடியாது.

மூணாவது, திரும்பி வரும்போது லெட்டர் கொண்டு வந்துக்கலாம்னு இருக்காதீங்க, கொப்புளம் பாத்த அன்னைக்கே போன்ல சொல்லிடுங்க. ஸ்டாஃப் ரூம்ல கர்ப்பமா ஒரு டீச்சர் இருக்கலாம், அவங்களுக்கு சின்ன வயசுல அம்மை வந்ததே இல்லன்னா இது ஆபத்து. கிட்னி பிரச்சினைக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடற பிள்ளையோ கேன்சர் வைத்தியம் எடுக்கற பிள்ளையோ பக்கத்து பெஞ்சுல இருக்கலாம். அவங்க டாக்டர்கிட்ட போய் தடுப்புக்கு ஏதாவது எடுத்துக்கணும்னா அது தொத்தின சில நாளுக்குள்ளயே பண்ண வேண்டியது, பத்து நாள் கழிச்சு லெட்டர்ல படிச்சு ஒண்ணும் ஆகாது. நான் பேரைச் சொல்ல மாட்டேன், "கிளாஸ்ல ஒருத்தருக்கு சின்னம்மை" ன்னு மட்டும்தான் தகவல் போகும், அதுக்கு பயந்துக்கிட்டு மறைக்க வேணாம்.

டாக்டர் சீட்டு இல்லாததுக்கு எங்க ஸ்கூல்ல யாரும் திட்ட மாட்டாங்க, வேப்பிலை கட்டற வீடுங்கள்ல இருந்து வர்ற பிள்ளைங்கதான் எல்லாம். ஆனா ஒண்ணு சொல்லணும், வீட்ல அம்மனுக்கு செய்யறதை செஞ்சுக்கிட்டே டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டலாம், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தடை இல்ல. பிள்ளை அளவுக்கு மீறி சோர்ந்து போனாலோ, மூச்சு வாங்கினாலோ, கொப்புளம் சீழ் வச்சு சுத்தி சிவந்தாலோ, நாலு நாளுக்கு மேலயும் காய்ச்சல் விடாம இருந்தாலோ அப்ப பழக்கத்தைப் பாக்காம கூட்டிட்டு போயிடணும்.

மேல சொன்ன கணக்குக்கு லெட்டர் இப்படி வரும், அனுப்புநர் பெறுநர் எல்லாம் முன்ன மாதிரியே:

> பொருள்: சின்னம்மை காரணமாக 7 பள்ளி நாட்கள் விடுப்பு – தொடர்பாக.
>
> வணக்கம். 4-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கும் என் மகளுக்கு 09-02-2026 திங்கள் மாலை சின்னம்மைக் கொப்புளங்கள் முதலில் தென்பட்டன. அன்றே தங்களுக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். 10-02-2026 முதல் 18-02-2026 வரை (சனி, ஞாயிறு நீங்கலாக 7 பள்ளி நாட்கள்) அவள் வீட்டிலேயே இருந்தாள்.
>
> 14-ஆம் தேதிக்குப் பின் புதிய கொப்புளம் எதுவும் வரவில்லை. 17-ஆம் தேதியோடு எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டன. காய்ச்சல் இல்லை. எனவே 19-02-2026 வியாழன் அன்று பள்ளிக்கு அனுப்புகிறேன். வீட்டு வழக்கப்படி பார்த்துக்கொண்டதால் மருத்துவச் சான்று இல்லை.
>
> மேற்கண்ட நாட்களுக்கு விடுப்பு அளிக்குமாறும், இந்நாட்களில் நடந்த கணக்குத் தேர்வைப் பிறகு எழுத அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

10, 11, 12, 13 நாலு நாள், 16, 17, 18 மூணு நாள், ஆக ஏழு. உங்க ஸ்கூல் சனிக்கிழமை வச்சா எட்டு ஆயிடும், பாத்து எழுதுங்க.

மூணு தண்ணி ஊத்தியாச்சு, நாளைக்கு அனுப்பிடலாம்ல?

தண்ணி ஊத்தற கணக்கு நல்ல நாள் பாத்து வைக்கறது, அம்மை காயற கணக்கு உடம்பைப் பொறுத்தது, ரெண்டும் ஒரே நாள்ல முடியணும்னு இல்ல. சின்னம்மை மொத்தமா வராது, ஈடு ஈடா வரும், அதனால ஒரே முதுகுல சிவப்புப் புள்ளி, நீர்க் கொப்புளம், காஞ்ச பொருக்கு மூணும் சேர்ந்து இருக்கும். பகல் வெளிச்சத்துல நிக்க வச்சு பாருங்க. முடிக்குள்ள, காதுக்குப் பின்னாடி, அக்குள்ல, இடுப்பு எலாஸ்டிக் படற எடத்துல, இங்கதான் கடைசியா காயாம நிக்கும். ஒரு கொப்புளம்கூட நீரோட இல்லன்னா அனுப்பலாம்.

இதுக்கு நேர் எதிரா சில பேர் பொருக்கு எல்லாம் உதிர்ந்து தழும்பு ஆறற வரைக்கும் மூணு வாரம் வச்சுக்கறாங்க, அது தேவையில்ல. காஞ்ச பொருக்கால யாருக்கும் ஒட்டாது.

சின்னவளும் இதே ஸ்கூல்ல யுகேஜி. அவளையும் நிறுத்தணுமா?

அவளுக்கு காய்ச்சலோ கொப்புளமோ இல்லாத வரைக்கும் நிறுத்த வேண்டியதில்ல, ஆனா அவ டீச்சர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. வீட்ல கூடவே இருக்கறதால அவளுக்கு வர்ற வாய்ப்பு ரொம்பவே அதிகம், அதுவும் அக்காக்கு குணமாகற நேரத்துலதான் ஆரம்பிக்கும். தினம் காலைல யூனிஃபார்ம் போடறதுக்கு முன்னாடி வயிறு, முதுகு ரெண்டும் பாத்துடுங்க. சில ஸ்கூல்ல வீட்ல ஒருத்தருக்கு அம்மைன்னா ரெண்டு பேருமே வரக்கூடாதுன்னு சொல்லுவாங்க, அப்படின்னா சின்னவளுக்கும் தனியா ஒரு லெட்டர் குடுங்க, காரணத்துல "வீட்டில் அக்காவுக்கு சின்னம்மை, பள்ளியின் அறிவுறுத்தல்படி" ன்னு தெளிவா இருக்கணும்.

மெடிக்கல் சர்டிபிகேட் எப்ப வேணும்? லீவ் முடிஞ்சப்புறம் வாங்கிக்கலாமா?

எத்தனை நாளுக்கு மேல வேணும்ங்கறது ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும், நிறைய இடத்துல மூணு நாளைத் தாண்டினா கேக்கறாங்க. சின்னக் கிளாசுக்கு டாக்டர் எழுதின மருந்துச் சீட்டு ஜெராக்ஸே போதும்னு நான் நினைக்கறேன், அரசு ஆஸ்பத்திரின்னா ஓபி சீட்டு, அதுலயே தேதி சீல் எல்லாம் இருக்கும். சர்டிபிகேட்டே வேணும்னு சொன்னா அதுல டாக்டர் பேரு, பதிவு எண், கையெழுத்து, சீல், எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரைக்கும் ஓய்வு, இதெல்லாம் இருக்கான்னு கிளினிக்லயே பாத்து வாங்கிடுங்க. லெட்டர்ல உள்ள தேதியும் சர்டிபிகேட் தேதியும் ஒத்துப்போகணும், இது ஒத்துப்போகாம ஆபீஸ்ல திருப்பி அனுப்பறது அடிக்கடி நடக்கும்.

பிள்ளைக்கு எல்லாம் சரியான அப்புறம் போய் "போன வாரத்துக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க டாக்டர்" னு கேட்டா நல்ல டாக்டர் குடுக்க மாட்டார், அவர் பாக்காத நோய்க்கு அவர் எப்படி சான்று தருவார். பொய்ச் சான்று குடுத்தா பதிவேட்டுல இருந்தே அவர் பேரை நீக்கற அளவுக்கு விதி இருக்கு. அதனால லீவ் நீளும்னு தோணும்போதே, காட்டப் போற அன்னைக்கே, ஸ்கூலுக்கு வேணும்னு சொல்லி வைங்க.

பையன் சிபிஎஸ்இல பத்தாவது. அவனுக்கும் இதே லெட்டர் போதுமா?

இல்ல, அங்க கொஞ்சம் கறார். போர்டு எக்ஸாம் எழுத 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேணும், குறைஞ்சா உடம்பு சரியில்லாத காரணத்துக்கு விலக்கு கேக்கலாம், ஆனா லெட்டரும் டாக்டர் பேப்பரும் லீவ் முடிஞ்ச உடனேயே ஸ்கூல்ல குடுத்திருக்கணும். ஜனவரில உக்காந்து ஜூலைல வந்த டெங்குக்கு பேப்பர் தேடினா தலைவலி. டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க, ஜெராக்ஸை மட்டும் குடுங்க, ஒரிஜினலைக் குடுத்துடாதீங்க.

பொங்கல் லீவ் முடிஞ்ச அன்னைக்கே உண்மையாவே காய்ச்சல் வந்துடுச்சு. டீச்சர் நம்புவாங்களா?

நேர்மையா சொல்றேன், முதல்ல நம்ப மாட்டோம். ஊருக்குப் போனவங்களுக்கு ட்ரெயின் டிக்கெட் கிடைக்கலன்னா அன்னைக்கு பாதி கிளாசுக்குக் காய்ச்சல் வரும். அதனால அந்த நாள்ல மட்டும் கொஞ்சம் கூடுதலா எழுதிடுங்க, எப்ப ஆரம்பிச்சுது, எந்தத் தேதி டாக்டர்கிட்ட காட்டினீங்க, சீட்டு ஜெராக்ஸ் இணைச்சிருக்கேன்னு ஒரு வரி. அதுக்கு மேல நாங்க விசாரணை கமிஷன் வைக்கறதில்ல.

சித்தப்பா கல்யாணத்துக்கு மூணு நாள் போயிட்டோம். காய்ச்சல்னே எழுதிடட்டுமா?

வேணாம். கைல மருதாணி செக்கச்செவேல்னு இருக்கும், நான் கேக்கறதுக்கு முன்னாடியே அவளே பந்தில என்ன போட்டாங்கன்னு சொல்லிடுவா. "குடும்ப நிகழ்ச்சி காரணமாக" ன்னு எழுதினா எந்த டீச்சரும் சண்டைக்கு வர மாட்டாங்க, முன்கூட்டியே குடுத்தா இன்னும் நல்லது. பொய்க் காய்ச்சல்ல இன்னொரு சிக்கல், வகுப்புல நிஜமாவே காய்ச்சல் பரவுதான்னு ஆப்சென்ட் லிஸ்ட்டை வச்சுதான் நாங்க கவனிக்கறோம், அதுல இதுவும் கலந்துடும்.

சொல்லக் கூச்சமான விஷயம். லெட்டர்ல எழுதித்தான் ஆகணுமா?

ஆக வேண்டியதில்ல. பெரிய பொண்ணுங்களுக்கு மாதவிடாய் வலின்னா "வயிற்று வலி" போதும், அது பொய்யும் இல்ல. வலிப்பு, மனசு சம்பந்தமான வைத்தியம், சின்னப் பையனுக்கு அறுவை சிகிச்சை, இப்படின்னா "மருத்துவ சிகிச்சை காரணமாக" ன்னு எழுதிட்டு மீதியை டீச்சர்கிட்ட நேர்ல சொல்லுங்க. ஒண்ணு யோசிச்சுக்கோங்க, அந்த லெட்டரை பிள்ளைதான் பையில எடுத்துட்டு வருது, வேன்ல ஒருத்தன் பிடுங்கிப் படிப்பான், என் டேபிள்ல இருக்கும்போது லீடர் படிப்பான். கவர்ல போட்டு ஒட்டி அனுப்பறது நல்லது. ஆனா வலிப்பு மாதிரி கிளாஸ்ல திடீர்னு வரக்கூடியதை மட்டும் டீச்சர்கிட்ட மறைக்காதீங்க.

தலைக்குப் பேன், சொறி சிரங்கு, இதுக்கெல்லாம் லீவ் போடணுமா?

பேனுக்கு லீவ் வேணாம், அன்னைக்கு நைட்டே மருந்து போட்டு சீப்பு போட்டு வாரிவிட்டு மறுநாள் அனுப்புங்க. சொறி சிரங்குக்கு டாக்டர் குடுக்கற களிம்பை அவர் சொன்னபடி ஒரு ராத்திரி உடம்பு முழுக்க பூசிட்டா அடுத்த நாள் வரலாம், வீட்ல எல்லாருமே ஒரே நாள்ல பூசணும் இல்லன்னா திரும்ப வரும். மெட்ராஸ் ஐ மட்டும் கண்ணுல பூளை நிக்கற வரைக்கும் வீட்ல வச்சுக்கோங்க, அதுக்கு நாங்களே திருப்பி அனுப்பிடுவோம்.

பரீட்சை நேரத்துல படுத்துட்டா. திரும்ப எழுத விடுவாங்களா?

கேட்டாத்தான் தெரியும், அதனால லெட்டர்லயே கேளுங்க. எந்தத் தேதி, எந்தப் பாடம்னு எழுதுங்க. மாதத் தேர்வு மாதிரி சின்ன டெஸ்ட்ன்னா கிளாஸ் டீச்சரே வச்சுக் குடுத்துடலாம். காலாண்டு, அரையாண்டுன்னா தலைமை ஆசிரியர்தான் முடிவு பண்ணணும், அப்ப பெறுநர்ல "தலைமை ஆசிரியர் அவர்கள்" னு போட்டு "வகுப்பாசிரியர் வழியாக" ன்னு கீழ எழுதி என்கிட்ட குடுத்தா நான் கையெழுத்து போட்டு அனுப்பிடுவேன். லெட்டர் பரீட்சைக்கு அப்புறம் ஒரு வாரம் கழிச்சு வந்தா மார்க் லிஸ்ட் போட்டு முடிச்சிருப்போம். உடம்பு முடியாத பிள்ளையை கைத்தாங்கலா கூட்டிட்டு வந்து பரீட்சை எழுத வைக்கறதையும் பாத்திருக்கேன், மூணாங் கிளாஸ் சமூக அறிவியலுக்கு அது தேவையா சொல்லுங்க.

இன்னும் மாத்திரை முடியல. மதியம் டீச்சர் குடுப்பாங்களா?

முதல்ல டாக்டர்கிட்ட கேளுங்க, நிறைய மருந்தை காலை, சாயங்காலம்னு மாத்திக்க முடியும், அப்ப ஸ்கூல்ல குடுக்கற வேலையே இல்ல. மதியம் குடுத்தே ஆகணும்னா லெட்டர்ல மருந்து பேரு, அளவு, சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா, எந்தத் தேதி வரைக்கும்னு எழுதி, மாத்திரையை அதோட அட்டையோடயே குடுங்க. பேப்பர்ல மடிச்சு பென்சில் பாக்ஸ்ல வச்சு விடாதீங்க, அது மிட்டாய் மாதிரி பக்கத்துப் பிள்ளை வாய்க்கும் போகும். சில ஸ்கூல்ல டீச்சர் மருந்து குடுக்கவே கூடாதுன்னு இருக்கு, அங்க நீங்களோ தாத்தாவோ மதியம் வந்துதான் குடுக்கணும்.

கூடவே விளையாட்டு பீரியட் பத்தியும் எழுதிடுங்க. டெங்கு, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை வந்து எழுந்த பிள்ளையை வெயில்ல ஓட விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தா எத்தனை நாள்னு சொல்லுங்க. பிடி சாருக்கு இதெல்லாம் தெரியாது, நிக்கச் சொன்னா நிக்கணும்னுதான் சொல்லுவார்.

யார் எழுதணும், யார் கையெழுத்துப் போடணும்?

அஞ்சாவது வரைக்கும் பெத்தவங்க எழுதினா நல்லது. ஆறாவதுக்கு மேல பிள்ளையே எழுதலாம், தமிழ்ப் பரீட்சைக்கு எப்படியும் விடுப்பு விண்ணப்பம் படிக்கறாங்க, ஆனா கீழ பெற்றோர் கையெழுத்து கட்டாயம். அப்பா அம்மா ரெண்டு பேரும் வெளியூர்ல, பாட்டி வீட்ல வளருதுன்னா பாட்டி கையெழுத்தே போதும், பக்கத்துல உறவுமுறையையும் போன் நம்பரையும் எழுதச் சொல்லுங்க. பாட்டி கைநாட்டுன்னா அதுவும் சரிதான். டைரி முதல் பக்கத்துல வருஷ ஆரம்பத்துல மாதிரிக் கையெழுத்து வாங்கி வச்சிருப்போம், அதோட ஒப்பிட்டுப் பாப்போம்னு ஏழாவது எட்டாவது பசங்களுக்கு நல்லாவே தெரியும், அப்படியும் போட்டுப் பாப்பாங்க!

லெட்டர் குடுத்தும் ரெஜிஸ்டர்ல ஆப்சென்ட்னுதான் இருக்கு. ஏன்?

வராத நாள் வராத நாள்தான், லெட்டர் குடுத்தா அது வந்த நாளா மாறாது, அட்டெண்டன்ஸ் சதவீதமும் ஏறாது. லெட்டர் காட்டறது காரணத்தைத்தான், சொல்லாம நின்ன பிள்ளை இல்ல, பெத்தவங்களுக்குத் தெரிஞ்சு வீட்ல இருந்த பிள்ளைன்னு. அரசுப் பள்ளில காலைலயே செயலில வருகையைப் பதிவு பண்ணிடறாங்க, அதையும் லெட்டர் வந்தப்புறம் போய் மாத்த முடியாது. குடுக்கறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, வருஷக் கடைசில "லெட்டரே வரலையே" ன்னு யாராவது சொன்னா காட்டறதுக்கு அது ஒண்ணுதான் கைல இருக்கும்.